"திமிரோடு பேசினார்" என்று எழுத யார் சொன்னது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. படிக்காம புலனத்துல மட்டும் பேசாதீங்க.

ஆடி மூன்றாம் வெள்ளி சாயங்காலம் நம்ம மடப்பள்ளி வாசல்ல சமையல் அண்ணனுக்கும் ஆபிஸ் கவுண்டர் தங்கச்சிக்கும் நடந்த வாய்த்தகராறு பற்றி உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்த 20 விநாடி வீடியோவைப் பார்த்திருப்பீங்க. இருவரும் ஆலயத்தில் சம்பளம் வாங்கும் பணியாளர்கள். இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் போட மாட்டேன், நீங்களும் கீழே போடாதீங்க.

யார் சரி யார் தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. அந்தத் தகராறை நம்ம செயலவை சம்பவப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கும் விதத்தைத்தான் கேட்கிறேன். அந்தப் பக்கத்தை வைத்துத்தான் சமையல் அண்ணனுக்குக் காரணம் கேட்கும் கடிதம் போயிருக்கிறது. வரும் ஞாயிறு விசாரணை. பதினோரு வருஷ வேலை அந்த ஒரு பக்கத்தில் தொங்கிக்கொண்டு இருக்கிறது.

புத்தகத்தில் உள்ளது இவ்வளவுதான்:

"சமையற்காரன் வழக்கம்போல் திமிரோடு நடந்து, உபயக் கணக்கு கேட்ட அலுவலகப் பெண்ணைக் கெட்ட வார்த்தையால் திட்டினான். அன்னதானச் சோற்றில் மண்ணை அள்ளிப் போடுவேன் என்று மிரட்டினான். பாவம் அந்தப் பெண் பயந்து அழுதார். பக்தர்கள் முன்னிலையில் ஆலயத்தின் பெயர் கெட்டது."

நாலே வாக்கியம். இதில் நடந்தது எது, எழுதியவர் மனசில் இருந்தது எது என்று பிரித்துப் பாருங்கள். திமிர் என்பது ஒரு கருத்து. திமிரைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால் கேட்க முடியாது. பார்த்தது கையை ஓங்கியதா, முகத்தைத் திருப்பியதா? கேட்டது என்ன சத்தம்? அதை எழுதினால் படிக்கிறவர் திமிரா இல்லையா என்று தானே முடிவு பண்ணிக்கொள்வார். "வழக்கம்போல்" அதைவிட மோசம். புத்தகத்தை முன்பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு இந்த அண்ணனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முன்னால் நடந்திருந்தால் தேதி போட்டு ஒரு பதிவு இருக்க வேண்டும். அது இல்லாமல் வழக்கம் எங்கிருந்து வந்தது? "எல்லாருக்கும் தெரியும் லா, அவரு வாய் அப்படித்தான், தோட்டத்து ஆளு" என்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்தது புத்தகத்துக்குத் தெரியாது, ஐயா.

அடுத்து வினைச்சொல்லைப் பாருங்க. அந்தப் பிள்ளை "அழுதார்". அறுபது வயது மனுஷன் "திட்டினான்". ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதியிருந்தால் இது வெளியே தெரிந்திருக்காது. தமிழில் ஒவ்வொரு வினையின் வாலிலும் மரியாதை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஒருத்தருக்கு 'ஆர்', ஒருத்தருக்கு 'ஆன்' போட்ட அந்த நிமிஷமே விசாரணை முடிந்துவிட்டது, தீர்ப்பும் எழுதியாச்சு. நடுநிலைப் பதிவுக்கு முதல் வேலை இதுதான்: இருவருக்கும் பெயர், பதவி, ஒரே 'ஆர்'. அதேபோல் ஒருவர் "திட்டினார்", இன்னொருவர் "கேட்டார்" என்று எழுதக்கூடாது. முறையிட்டார், உளறினார், கத்தினார், எடுத்துச் சொன்னார், இதெல்லாம் ஆளுக்கு ஆள் சாயம் பூசும் சொற்கள். இருவரும் "என்றார்". அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைக்கு "பாவம்" போட்டது நல்லதுதானே என்று ஒருத்தர் கேட்டார். இல்லை. அதுவும் முத்திரைதான். அந்த முத்திரை விழுந்ததால்தான் இப்ப புலனத்துல நாலு பேர் "அழுமூஞ்சி", "நாடகம்" என்று எதிர்முத்திரை குத்திக்கொண்டு இருக்கிறார்கள். நீங்கள் ஒரு பக்கம் இரக்கச் சொல் போட்டால் இன்னொரு பக்கம் ஏளனச் சொல் தானாக வரும். அடிபடுவது அந்தப் பிள்ளைதான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மண் விஷயம்.

"சோற்றில் மண்ணை அள்ளிப் போடுவேன் என்று மிரட்டினான்" என்று எழுதியிருக்கிறது. இதைப் படிக்கும் எவருக்கும் வயிறு கலங்கும். அன்னதானச் சோறு, நம்ம பிள்ளைகள் சாப்பிடுகிற சோறு. அதில் மண் போடுவேன் என்று ஒரு சமையல்காரர் சொன்னால் ஒரு நாள்கூட வைத்திருக்க முடியாதுதான். ஆனால் அவர் சொன்னது அதுதானா?

நான் அண்ணனிடம் தனியாகக் கேட்டேன், அந்தத் தங்கச்சியிடம் தனியாகக் கேட்டேன், அன்று செருப்பு வைக்கும் இடத்தில் நின்ற ஒரு அக்காவிடமும் கேட்டேன். மூன்று பேரும் எனக்கு முதலில் சொன்னது எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்: "சோத்துல மண்ணள்ளிப் போடுறேன்னு" சொன்னது. அண்ணனே அப்படித்தான் சொன்னார்! "ஆமா தம்பி, என் சோத்துல மண்ணள்ளிப் போடுறேன்னு சொன்னேன்" என்றார். இதைக் கேட்டால் ஒப்புக்கொண்டார் என்று எழுதிவிடத் தோன்றும் இல்லையா?

நம்ம பேச்சுத் தமிழைக் கொஞ்சம் வாயில் சொல்லிப் பாருங்கள். "நீ போடுறே". "நான் போடுறேன்". நாம் பேசும்போது 'போடுறேன்' என்பதன் கடைசி 'ன்' மூக்கில் லேசாக வந்து போய்விடும். பக்கத்தில் மேளம் வாசித்தால் ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதுக்கு மேலே, இன்னொருத்தர் சொன்னதைச் சொல்லும்போது 'ன்னு' சேர்க்கிறோம். "நீ போடுறே" பிளஸ் 'ன்னு' என்றால் "போடுறேன்னு". "நான் போடுறேன்" பிளஸ் 'ன்னு' என்றாலும் "போடுறேன்னு". முற்றிலும் ஒன்று! யார் மண்ணைப் போடுகிறார் என்பதே காணாமல் போய்விட்டது.

ஆகவே எழுதுகிறவர் அங்கே நிறுத்தக்கூடாது. "ன்னு வேண்டாம், அவர் வாயில் வந்தது எப்படியோ அப்படியே பேசிக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். நான் கேட்டேன். அண்ணன் பேசிக் காட்டியது: "நீ என் சோத்துல மண்ணள்ளிப் போடுறே." தங்கச்சி பேசிக் காட்டியது: "இந்தச் சோத்துல மண்ணள்ளிப் போடுறேன்." செருப்பு வைக்கும் இடத்து அக்கா: "சோத்துல மண்ணுன்னு கேட்டுச்சு. யாரு சோறு, யாரு போடுறதுன்னு சத்தியமா தெரியாது. மேளம் ஆரம்பிச்சிடுச்சு."

'என் சோத்துல' என்றால் என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பிழைப்பைக் கெடுக்கிறாய் என்பதுதான். டவுனில் பிறந்து வளர்ந்த 24 வயசுப் பிள்ளை அதை வேறு மாதிரி கேட்டிருந்தால் அது அந்தப் பிள்ளையின் தப்பு என்றும் சொல்ல முடியாது. அவள் கேட்டதைச் சொல்கிறாள். அவர் சொன்னதைச் சொல்கிறார். ரெண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதுதான் பதிவு. எது உண்மை என்று தேர்ந்தெடுப்பது ஞாயிற்றுக்கிழமை விசாரணை செய்கிறவர்கள் வேலை.

நம்ம புத்தகத்தில் என்ன நடந்தது? எழுதியவர் ஒருவர் சொன்னதை மட்டும் எடுத்தார். அதை நல்ல தமிழில் எழுதுகிறேன் என்று "போடுறேன்" என்பதை "போடுவேன்" என்று எதிர்காலம் ஆக்கினார். "சொன்னார்" என்று இருக்க வேண்டியதை "மிரட்டினான்" என்று ஆக்கினார். பிறகு கடிதம் மலாயில் போனது. அங்கே 'உகுத்' என்கிற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. மிரட்டல் என்பது வாய்க்கு வந்தபடி போடும் சொல் இல்லை, குற்றவியல் சட்டம் 503, 506 பிரிவுகளில் இருக்கிற குற்றத்தின் பெயர். ஒரு 'ன்'னில் ஆரம்பித்து போலீஸ் வரைக்கும் போகிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டோம். யாரும் பொய் சொல்லவில்லை. இதுதான் வேடிக்கை.

"கெட்ட வார்த்தை" கதையும் இதே மாதிரிதான். என்ன வார்த்தை? யாருமே எழுதவில்லை. நான் கேட்டதில் வந்தது முடியைக் குறிக்கும் அந்த மூன்றெழுத்துச் சொல். அதை அவர் சொன்னது "என்ன ... கணக்கு இது" என்று. கணக்கைச் சொன்னார். இது தங்கச்சியும் ஒப்புக்கொள்ளும் விஷயம். அந்தச் சொல் ஆலயத்தில் வரலாமா என்றால் வரக்கூடாது. அதற்கு ஒரு நடவடிக்கை இருக்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் "பெண்ணைக் கெட்ட வார்த்தையால் திட்டினான்" என்று படிக்கிறவர் மனதில் என்னென்ன வார்த்தை ஓடும்? அவரவர் தெரிந்த மோசமான வார்த்தை ஓடும். மூடி எழுதினால் மரியாதை என்று நினைக்கிறோம். மூடிய இடத்தில் கற்பனை போய் உட்காரும்.

"கோயில் புத்தகத்தில் அசிங்கமான சொல்லை எழுதுவதா?" என்று செயலவையில் ஒருவர் கோபப்பட்டார். நியாயமான கேள்விதான். அதுக்கு வழி இருக்கிறது. புத்தகத்தில் "பேசிய சொற்கள் இணைப்புத் தாளில்" என்று ஒரு வரி எழுதி, தனித்தாளில் அப்படியே எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, குறுக்கே கையெழுத்து வைத்து செயலாளர் அலமாரியில் வைக்கலாம். விசாரணையில் மட்டும் திறக்கலாம். எங்கள் தொழிற்சாலையில் இப்படித்தான் செய்கிறோம். அம்பாளுக்கும் மரியாதை, பேசியவருக்கும் நியாயம்.

இனி, எழுதாமல் விட்டது எதெது என்று பார்ப்போம். அண்ணன் பக்கம் விட்டது, தங்கச்சி பக்கம் விட்டது ரெண்டும் உண்டு. அண்ணன் கையில் இருந்த சாதக் கரண்டியை மேசையில் எறிந்தார். அது சறுக்கிக்கொண்டு போய் தங்கச்சி நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளிக் கீழே விழுந்தது. சிசிடிவியில் தெரிகிறது. இது புத்தகத்தில் இல்லை! திமிர் என்று எழுதத் தெரிந்தவருக்குக் கரண்டியை எழுதத் தெரியவில்லை. முத்திரையில் ஆசை வந்துவிட்டால் கண்ணுக்கு முன்னால் இருக்கிற உண்மையான விஷயம் தப்பிப் போய்விடும். அதேபோல் தங்கச்சி "உங்களுக்கு வயசாயிடுச்சு, வீட்ல இருங்க" என்று சொன்னதும் இல்லை. அவளே என்னிடம் சொன்னாள், மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

நடுநிலை என்றால் மென்மையா எழுதுவது, தப்பு செஞ்சவரைக் காப்பாற்றுவது என்று சிலர் நினைக்கிறார்கள். கரண்டியை எழுதிப் பாருங்கள், மென்மையாவா இருக்கு? "ஆவேசமாக நடந்தார்" என்பதைவிட "கரண்டி இரண்டடியில் விழுந்தது" என்பது அண்ணனுக்குக் கடினமான வரி. ஆனால் அதை அவர் மறுக்க முடியாது. திமிர் என்பதை அவர் மறுக்கலாம், மறுப்பார், பிறகு விசாரணை முழுக்க திமிரா இல்லையா என்று பேசியே போய்விடும்.

சண்டை எதுக்கு வந்தது என்பதாவது எழுதியிருக்கிறதா? "உபயக் கணக்கு கேட்ட" என்று இரண்டு சொல். கணக்கு என்ன? அன்றைய உபயக்காரர் புதன்கிழமை 120 பேருக்குக் கட்டினார். மடப்பள்ளி வெள்ளைப் பலகையில் 120 என்று இருக்கிறது. வியாழன் மாலை உபயக்காரர் போன் பண்ணி 200 ஆக்கினார். கவுண்டரில் புது ரசீது போட்டாச்சு, நேரம் 5.40 என்று ரசீதிலேயே அச்சாகி இருக்கிறது. பலகை மாறவில்லை. யார் மாற்ற வேண்டும்? கவுண்டர் போய்ச் சொல்ல வேண்டுமா, மடப்பள்ளி வந்து கேட்க வேண்டுமா? நம்ம ஆலயத்தில் அதுக்கு ஒரு விதியே கிடையாது. ஒரு ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று அண்ணன் வைப்பார். 120க்கு 12 கிலோ. 200க்கு 20 கிலோ. வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு, 12 கிலோ வடித்து இறக்கிய பிறகு, "200 பேருக்கு ரெடியா?" என்று கேட்டால் எந்தச் சமையல்காரருக்கும் தலை சுற்றும். "ரசீது போட்டுட்டேன், நீங்கதான் பார்க்கல" என்று சொல்லும் பிள்ளைக்கும் அவள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது.

தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் அதிகம் சண்டை வரும். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், கைமாற்றும் தாள் சரியில்லாமல் இருக்கும். சூப்பர்வைசர் "மனப்பான்மை சரியில்லை" என்று எழுதி ஆளை மாற்றுவார். அடுத்த மாசம் புது ஆளோடு அதே சண்டை அதே இடத்தில் வரும். அண்ணனை அனுப்பிவிட்டு வேறு ஒருவரைக் கொண்டுவாருங்கள், அடுத்த உபயத்தில் பலகையில் 120, ரசீதில் 200 என்று மறுபடி வந்து நிற்கும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிசிடிவியில் கரண்டி விழுந்தது 6.34. ஆனால் அன்று மேளம் ஆரம்பித்தது 6.30 என்று நாகஸ்வரக்காரர் சொல்கிறார், மேளம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்புதான் சண்டை தொடங்கியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். யாரோ பொய் சொல்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் போய் சிசிடிவி கடிகாரத்தைக் கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாலு நிமிஷம் முந்திப் போகிறது. ஆக, கரண்டி விழுந்தது 6.30. அந்த நேரம் மேளம் வாசித்துக்கொண்டிருந்தது, ஒரு 'ன்' கேட்டிருக்காது என்பதும் இதிலிருந்துதான் தெரிகிறது. சிசிடிவியில் ஒலி கிடையாது. புலனத்தில் சுற்றும் வீடியோவில் ஒலி இருக்கிறது, ஆனால் அது கரண்டி விழுந்த பிறகு ஆரம்பிக்கிறது, பாதி மேளச் சத்தம். அதைப் பார்த்து "நான் கண்ணால் பார்த்தேன்" என்று சாட்சி சொல்லாதீங்க. நீங்க பார்த்தது வீடியோவை.

குறை மட்டும் சொல்கிறேன் என்று சொல்வீர்கள். ஆகவே அந்தப் பக்கத்தை நான் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று கீழே போடுகிறேன். உண்மையான பதிவில் பெயர் இருக்கும், இங்கே பதவி மட்டும்.

"ஆடி மூன்றாம் வெள்ளி, மாலை சுமார் 6.25 முதல் 6.32 வரை, மடப்பள்ளி வாசல். பதிவு செய்பவர் சம்பவத்தைப் பார்க்கவில்லை. அன்று இரவு 9 மணிக்கு மேல் இருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதியது.

அன்றைய அன்னதானத்துக்குப் பலகையில் 120 என்றும், வியாழன் மாலை 5.40 ரசீதில் 200 என்றும் இருந்தது. இரண்டின் படமும் இணைக்கப்பட்டுள்ளது. எண்ணிக்கை மாறியதை மடப்பள்ளிக்கு யாராவது தெரிவித்தார்களா என்பது தெரியவில்லை. அலுவலகப் பணியாளர், தெரிவிக்கும் பொறுப்பு தனக்கு இருப்பதாக யாரும் சொன்னதில்லை என்றார். சமையல் பணியாளர், பலகையில் இருப்பதைத்தான் எப்போதும் பார்ப்பதாகச் சொன்னார்.

அலுவலகப் பணியாளர் மடப்பள்ளி வாசலுக்கு வந்து 200 பேருக்கு உணவு தயாரா என்று கேட்டார். இருவரும் எண்ணிக்கையைப் பற்றிப் பேசினர். இருவர் குரலும் சுமார் 15 மீட்டர் தள்ளி, செருப்பு வைக்கும் இடத்தில் இருந்தவருக்குக் கேட்டது. அலுவலகப் பணியாளர், 'உங்களுக்கு வயசாயிடுச்சு, வீட்ல இருங்க' என்று தான் சொன்னதாகச் சொன்னார். சமையல் பணியாளர் கணக்கைப் பற்றி ஒரு சொல் சொன்னதாக இருவரும் சொல்கின்றனர். அந்தச் சொல் இணைப்புத் தாளில்.

அடுத்துச் சமையல் பணியாளர் சொன்னது பற்றி இருவர் கூற்றும் வேறுபடுகிறது. சமையல் பணியாளர் சொல்வது: 'நீ என் சோத்துல மண்ணள்ளிப் போடுறே.' அலுவலகப் பணியாளர் சொல்வது: 'இந்தச் சோத்துல மண்ணள்ளிப் போடுறேன்.' செருப்பு வைக்கும் இடத்தில் இருந்தவருக்கு 'சோத்துல மண்ணு' என்பது மட்டும் கேட்டது. அப்போது மேளம் தொடங்கியிருந்தது.

சிசிடிவியில் 6.34 (சரியான நேரம் 6.30) சமையல் பணியாளர் கரண்டியை மேசையில் எறிவதும், அது அலுவலகப் பணியாளர் நின்ற இடத்திலிருந்து சுமார் இரண்டடியில் தரையில் விழுவதும் தெரிகிறது. யார் மீதும் படவில்லை. அலுவலகப் பணியாளர் பின்னால் நகர்ந்து வெளியே சென்றார். அவர் அழுததை இருவர் பார்த்தனர். பயந்ததாக அவர் சொன்னார். எறியும்போது அவரைப் பார்க்கவில்லை என்று சமையல் பணியாளர் சொன்னார்.

இருவருக்கும் அவரவர் கூற்று வாசித்துக் காட்டப்பட்டது. அலுவலகப் பணியாளர் ஒரு திருத்தம் சொன்னார், சேர்க்கப்பட்டது. இருவரும் கையெழுத்திட்டனர்."

இதில் பயத்தை நான் மறைக்கவில்லை, கவனியுங்கள். "பயந்தார்" என்று நான் சொல்ல முடியாது, அவள் மனசுக்குள் நான் போகவில்லை. "பயந்ததாகச் சொன்னார்" என்று சொல்லலாம், சொல்லித்தான் ஆக வேண்டும். அதை எடுத்துவிட்டால் அதுவும் ஒரு பக்கம் சாய்வதுதான். அதேபோல் தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். நம்ம ஆட்களுக்கு இது பெரிய கஷ்டம். புத்தகத்தில் தெரியவில்லை என்று எழுதினால் எழுதியவருக்கு மதிப்புக் குறைவு மாதிரி நினைத்து, ஊகத்தை வைத்து நிரப்பிவிடுகிறோம்.

யாரை முதலில் எழுதுவது என்றும் ஒருவர் கேட்டார். நேர வரிசைதான். முதலில் வந்து பேசியவர் முதலில். யார் தப்போ அவரை முதலில் எழுதுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எழுதியவர் கையெழுத்தே அந்தப் பக்கத்தில் இல்லை. யார் எழுதியது என்று எல்லாருக்கும் தெரியும், அது வேறு. அலுவலகப் பிள்ளைக்கு உறவு முறை ஆகிறவர் எழுதினார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊரில் யார்தான் யாருக்கு மாமா இல்லை? அதனால் உறவுக்காரர் எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் புத்தகமே காலியாகக் கிடக்கும். "பதிவு செய்தவர் இன்னார், இவருக்கு உறவு" என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். படிக்கிறவர் எடை போட்டுக்கொள்வார்.

"இது கோயில், கோர்ட்டு இல்ல, தொழிற்சாலையும் இல்ல, நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம்" என்று தலைவர் தரப்பில் ஒருவர் சொன்னார். நல்லது. அப்படியே பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் கடிதம் கொடுத்தது நீங்கள்தானே? சம்பளம் கொடுக்கிறோம், இ.பி.எஃப். கட்டுகிறோம், கடிதம் கொடுக்கிறோம், அப்புறம் கோயில் என்று சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒழுங்கீனத்துக்காக ஒருவரை வேலையை விட்டு எடுப்பதற்கு முன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. எடுத்துவிட்டால் அவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம். அங்கே இந்தப் பக்கத்தைக் கேட்பார்கள். "திமிர் என்றால் என்ன நடந்தது? வழக்கம்போல் என்றால் எந்தெந்தத் தேதி? அவர் சொன்ன வார்த்தை என்ன?" என்று கேட்டால் யார் எழுந்து பதில் சொல்வது? அப்போது நஷ்டஈடு போவது பக்தர்கள் உண்டியலில் போட்ட பணம்.

அந்தத் தங்கச்சிக்காகவும் சொல்கிறேன். நாளைக்கு உண்மையிலேயே ஒருத்தர் அந்தப் பிள்ளையை மிரட்டினால், இப்படிச் சாயம் பூசி எழுதிப் பழகிய புத்தகத்தை யார் நம்புவார்கள்?

ஞாயிறு காலை 10 மணிக்கு விசாரணை. செயலவைக்கு என் கோரிக்கை: அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், மை பூசி அழிக்கவும் வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். அடுத்த பக்கத்தில் இன்றைய தேதி போட்டு, இருவரிடமும் மறுபடி கேட்டு, முழுசா எழுதி, "முந்தைய பக்கத்தோடு சேர்த்துப் படிக்கவும்" என்று போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கடிதத்தில் உள்ள 'உகுத்' என்கிற சொல்லை எடுத்துவிட்டு, இருவர் கூற்றையும் அவர்கள் பேசிய தமிழிலேயே கீழே சேர்த்துப் புதுக் கடிதம் கொடுங்கள். சிசிடிவி பதிவு சில வாரத்தில் தானாக அழிந்துபோகும், அதை இன்றைக்கே பிரதி எடுத்து வையுங்கள், நேர வித்தியாசத்தையும் குறித்து வையுங்கள்.

அன்று சாயங்காலம் மடப்பள்ளி பக்கம், செருப்பு வைக்கும் இடம், தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றவர்கள் யாராவது இருந்தால் சனிக்கிழமை சாயரட்சைக்குப் பிறகு ஆபிசில் வந்து சொல்லுங்கள். எங்கே நின்றீர்கள், என்ன கேட்டது, கேட்டது மட்டும். அவர் நல்லவரா கெட்டவரா என்பது வேண்டாம். வரும்போது தனியா வாங்க, ரெண்டு பேரா பேசி முடிவு பண்ணிட்டு வராதீங்க. தாளும் பேனாவும் நான் கொண்டு வருகிறேன்.